டயல் முள்ளை நிமிர்த்திப் போட்டால்: இலக்கைக் காட்ட ஏன் புல்லட் சார்ட்?

ஐந்து டயல்கள் வரிசையாக நிற்கும் ஒரு டாஷ்போர்டை மனதில் கொண்டுவாருங்கள். இந்த மாத ஆர்டர்கள், நேரத்துக்குப் போய்ச் சேர்ந்த டெலிவரிகள், புகாருக்குப் பதில் சொல்ல எடுத்த நேரம், திரும்பி வந்த பொருள்கள், புதிய வாடிக்கையாளர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு அரைவட்டம். இடப்பக்கம் சிவப்பு, நடுவில் மஞ்சள், வலப்பக்கம் பச்சை, ஒரு முள், கீழே ஒரு எண். இதில் ஆர்டர் டயலை மட்டும் எடுத்துக்கொள்வோம். அளவு 0 முதல் 1500 வரை. 900 வரை சிவப்பு, 1200 வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை. மாத இலக்கு 1200. இன்று 18ஆம் தேதி, இதுவரை வந்தவை 690. முள் கிட்டத்தட்ட செங்குத்தாக, கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து, சிவப்புக்குள் நிற்கிறது.

இந்த டயல் என்ன சொல்கிறது? "மோசம்" என்கிறது. உண்மையிலேயே மோசமா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. அந்த இடத்தில்தான், நடந்ததை ஒரு நேரான பட்டையாகவும் இலக்கை அதற்குக் குறுக்கே ஒரு கோடாகவும் காட்டும் புல்லட் சார்ட்டின் கதை தொடங்குகிறது. இடம் மிச்சமாகும், பார்க்கச் சுத்தமாக இருக்கும் என்பதெல்லாம் சரிதான், ஆனால் எனக்கு அது இரண்டாம் காரணம். இலக்குக்கென்று தனியாக ஒரு குறி போட வேண்டியிருப்பதால், "எந்த இலக்கோடு ஒப்பிடுகிறோம்?" என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிட்டுத்தான் அதை வரையவே முடியும். முதல் காரணம் இதுதான்.

முதலில் வடிவத்தைப் பார்த்துவிடலாம். டயல் என்பது வளைத்து வைத்த ஒரு அளவுகோல், அவ்வளவுதான். 200 பிக்சல் அகல அரைவட்டத்தின் விளிம்பை நிமிர்த்தி நீட்டினால் சுமார் 314 பிக்சல் வரும். அதாவது 300 பிக்சல் நீளமான ஒரு நேர்க்கோட்டில் எவ்வளவு நுணுக்கமாக ஒரு எண்ணைக் காட்டலாமோ, ஏறத்தாழ அதே நுணுக்கத்தை அந்த விளிம்பிலும் காட்டலாம். ஆக டயலின் அளவுகோல் சிறியதில்லை. ஆனால் அதை வளைத்ததால் இரண்டு இழப்பு. ஒன்று, அரைவட்டத்துக்கு உள்ளே இருக்கும் இடம் முழுக்க வீண். தலைப்பு, எண் எல்லாம் சேர்த்து 200-க்கு 120 பிக்சல் என்றால் 24,000 சதுர பிக்சல் போகிறது. 300-க்கு 24 பிக்சல் பட்டை 7,200-ல் முடிந்துவிடுகிறது. இரண்டாவது இழப்பு பெரியது. அடுத்தடுத்து நிற்கும் டயல்களில் எதுவும் எதோடும் வரிசைப்படாது. ஒரு முள் இடப்பக்கம் படுத்திருக்கும், இன்னொன்று வலப்பக்கம் சாய்ந்திருக்கும், எது இலக்கிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று கண்ணை ஓடவிட்டு ஒப்பிட முடியாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் படித்து, எண்ணை மனதில் வைத்துக்கொண்டு அடுத்ததுக்குப் போக வேண்டும்.

இதற்கு ஆய்வுப் பின்புலமும் உண்டு. வில்லியம் கிளீவ்லாண்ட், ராபர்ட் மெக்கில் இருவரும் 1984-ல் வெளியிட்ட கட்டுரையில், படங்களிலிருந்து அளவுகளை மனிதர்கள் எவ்வளவு சரியாக ஊகிக்கிறார்கள் என்று சோதித்து வரிசைப்படுத்தினார்கள். ஒரே அளவுகோலில் ஒரு புள்ளி எங்கே இருக்கிறது என்று பார்ப்பதில்தான் பிழை குறைவு. கோணத்தை வைத்து அளவைச் சொல்வது அதற்குப் பின்னால் வருகிறது. விளிம்பில் எண் குறிகள் இருந்தால் டயலையும் இடம் பார்த்துப் படிக்கலாம் என்பது உண்மை. ஆனால் டாஷ்போர்டு டயல்களில் பெரும்பாலும் இரு முனைகளில் மட்டும் எண் இருக்கும், மிச்சத்தை முள்ளின் சாய்வை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

அப்படியானால் காரில் ஏன் டயல்? அங்கே அதற்குக் காரணம் இருக்கிறது. பழைய கருவிகளில் ஒரு சுருளோ காந்தமோ ஒரு அச்சில் திரும்பும், அதில் முள்ளைப் பொருத்துவதுதான் எளிது. அப்புறம், ஓடும் வண்டியில் முள் தொடர்ந்து நகர்கிறது. வேகம் எவ்வளவு என்பதோடு, எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது என்பதையும் அந்த அசைவிலிருந்தே பிடித்துக்கொள்கிறோம். சில எஞ்சின் பலகைகளில் எல்லாம் சரியாக இருக்கும்போது முட்கள் அனைத்தும் ஒரே திசையைக் காட்டும்படி டயல்களைத் திருப்பிப் பொருத்துவார்கள், ஒன்று மட்டும் விலகினால் ஓரப்பார்வையிலேயே தெரிந்துவிடும். நல்ல யோசனை அது. மாத ஆர்டர் எண்ணிக்கையில் இது எதுவும் கிடையாது. முள் நம் கண்முன் நகர்வதில்லை, நாளைக்குக் காலையில் பார்த்தால் வேறு இடத்தில் நிற்கும், அவ்வளவுதான். காரிலிருந்து தோற்றத்தை எடுத்துக்கொண்டோம், அது பயன்பட்ட காரணத்தை அங்கேயே விட்டுவிட்டோம்.

இந்தக் குறையைப் பார்த்துத்தான் டாஷ்போர்டு வடிவமைப்பில் பெயர் பெற்ற ஸ்டீபன் ஃபியூ, டயலுக்கு மாற்றாக புல்லட் சார்ட்டை வடிவமைத்தார். 2006-ல் வந்த அவருடைய டாஷ்போர்டு புத்தகம் வழியாக அது பரவியது. ஒரு வரி உயரத்தில் படுத்திருக்கும் படம் அது. இடப்பக்கம் பெயரும் அலகும். கீழே எண்களோடு ஒரு அளவுகோல். நடுவில் அடர்ந்த நிறத்தில் ஒரு மெல்லிய பட்டை, அதுதான் நடந்தது. அந்தப் பட்டைக்குக் குறுக்காக ஒரு குட்டைக் கோடு, அதுதான் இலக்கு. இரண்டுக்கும் பின்னால் மோசம், பரவாயில்லை, நன்று என்று இரண்டு மூன்று நிழல்கள். நிழல்கள் எல்லாம் ஒரே நிறத்தின் அடர்த்தி வேறுபாடுகளாக இருக்க வேண்டும், மோசமான பகுதி மிக அடர்த்தியாக இருக்க வேண்டும் என்பது அவர் சொன்னது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களுக்கும் அது தெரியும், கறுப்பு வெள்ளையில் அச்சடித்தாலும் தெரியும். திரை முழுக்க சிவப்பும் பச்சையும் கத்தாமல் இருப்பதால், உண்மையிலேயே கவனிக்க வேண்டிய ஒரு வரிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தால் அது சட்டென்று கண்ணில் படும்.

சரி, நம் 690-க்கு வருவோம். டயலை அப்படியே புல்லட் சார்ட்டாக மாற்றினால் என்ன ஆகும்? 0 முதல் 1500 வரை அளவுகோல், 690 வரை பட்டை, 1200-ல் கோடு. பட்டைக்கும் கோட்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி. டயல் சொன்ன அதே "மோசம்" இப்போது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அது தவறான செய்தி. 18 நாளில் வந்ததை 30 நாள் இலக்கோடு ஒப்பிட்டிருக்கிறோம். இதே வேகத்தில் போனால், ஒரு நாளைக்கு 38 ஆர்டர் என்று வைத்துக்கொண்டால், 900-ஐத் தாண்டவே 24ஆம் தேதி ஆகிவிடும். அதாவது நன்றாகப் போகும் மாதத்திலும் முதல் மூன்று வாரத்துக்கு மேல் இது சிவப்பில்தான் கிடக்கும். நான் பார்த்த ஒரு அலுவலகத்தில் இப்படித்தான் நடந்தது, மாதத்தின் பெரும்பகுதி சிவப்பாகவே இருந்ததால் யாரும் அந்தச் சிவப்பைக் கண்டுகொள்வதை நிறுத்திவிட்டார்கள்.

இதைச் சரிசெய்ய இரண்டு வழி இருக்கிறது. முதல் வழி, இலக்கை இன்றைய தேதிக்குக் குறைப்பது. 1200-ஐ 30-ஆல் வகுத்து 18-ஆல் பெருக்கினால் 720. கோட்டை 720-ல் வைத்தால் 690 அதற்கு 30 குறைவு, சுமார் 4 விழுக்காடு பின்தங்கல். 300 பிக்சல் நீளத்தில் அது 6 பிக்சல் இடைவெளி, கண்ணுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் இப்படிச் செய்தால் பின்னணி நிழல்களையும் அதே விகிதத்தில் குறைக்க வேண்டும். 900, 1200, 1500 என்று இருந்தவை 540, 720, 900 ஆக வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கோடு இன்றைய தேதிக்கும் நிழல்கள் மாதக் கடைசிக்கும் பொருந்துகிற படம், ஒரே நேரத்தில் இரண்டு வேறு செய்தி சொல்லும்.

இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது. கோடும் நிழல்களும் மாதக் கடைசிக்கே இருக்கட்டும். பட்டையை இரண்டு துண்டாக வரையலாம். 690 வரை அடர்ந்த நிறம், அதற்கு மேல் இந்த வேகத்தில் போனால் எங்கே முடியும் என்பது வரை கொஞ்சம் வெளிறிய நிறம். 690-ஐ 18-ஆல் வகுத்து 30-ஆல் பெருக்கினால் 1150. ஆக வெளிறிய துண்டின் முனை 1200 கோட்டுக்குச் சற்று முன்னால் நிற்கும். நடந்தது, நடக்கப் போவதாகத் தோன்றுவது, நடக்க வேண்டியது என்று மூன்றும் ஒரே வரியில். டயலில் இதைச் செய்ய இரண்டாவது முள் வைக்க வேண்டும், அப்புறம் எந்த முள் எது என்று விளக்க வேண்டும்.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. நாளுக்கு நாள் சீராக ஆர்டர் வரும் என்று நாமாக எடுத்துக்கொண்ட கணக்கு இது. பழைய மாதங்களைப் புரட்டிப் பார்த்தால், ஆர்டர்கள் கடைசி வாரத்தில் குவிகிற வழக்கம் இருக்கலாம். 18ஆம் தேதிக்குள் வழக்கமாக மொத்தத்தில் 55 விழுக்காடுதான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் இன்றைய இலக்கு 720 இல்லை, 660. நம் 690 அதைவிட 30 கூடுதல். மாதக் கடைசி மதிப்பீடும் 1150 இல்லை, சுமார் 1255. எண் அதேதான், இலக்கும் அதேதான், ஆனால் பின்தங்கியிருந்தவர் முன்னால் போய்விட்டார். எனவே கோட்டை எங்கே வைப்பது என்பதை வரைபடம் செய்கிறவர் தனியாக முடிவு செய்யக்கூடாது, அந்த வேலையைத் தெரிந்தவர்களோடு உட்கார்ந்து பழைய மாதங்களின் தினசரிக் கணக்கைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

நிழல்களுக்கும் இதே கதிதான். வரைபடங்களும் டாஷ்போர்டுகளும் செய்ய உதவும் மென்பொருளான டேப்லோவில் `Show Me` வழியாக புல்லட் சார்ட்டைத் தேர்ந்தெடுத்தால், இலக்கின் 60 விழுக்காட்டிலும் 80 விழுக்காட்டிலும் நிழல் எல்லைகளை அதுவே போட்டுக்கொடுத்துவிடும். பெரும்பாலோர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஆனால் 60, 80 என்பவை யாரும் உட்கார்ந்து தீர்மானித்த எண்கள் இல்லை. டெலிவரியில் 80 விழுக்காடு என்றால் பெரிய பேரிடர், புதிய வாடிக்கையாளர் எண்ணிக்கையில் 80 விழுக்காடு என்றால் சாதாரணம். "இந்த எல்லைக்குக் கீழே போனால் யார் என்ன செய்வார்கள்?" என்று கேளுங்கள். பதில் இருந்தால் அங்கே நிழல் மாறட்டும். பதில் இல்லையென்றால் நிழல்களையே எடுத்துவிடலாம், பட்டையும் கோடும் மட்டுமே போதும். டேப்லோவில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சில நேரம் இலக்கைப் பட்டையாகவும் நடந்ததைக் கோடாகவும் மாற்றிப் போட்டுவிடும். அச்சின் மேல் வலது கிளிக் செய்து `Swap Reference Line Fields` கொடுத்தால் சரியாகிவிடும், ஆனால் மாறியிருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டுமே, அதற்கு ஒரு வரியையாவது அசல் எண்ணோடு வைத்துச் சரிபாருங்கள்.

அடுத்தது டெலிவரி. இலக்கு 97 விழுக்காடு, நடந்தது 94.5. 0 முதல் 100 வரை அளவுகோல் போட்டால் இரண்டுக்கும் நடுவே 7 அல்லது 8 பிக்சல்தான். "வித்தியாசமே தெரியவில்லையே, 90-லிருந்து தொடங்கலாமே" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். பட்டை என்றால் அதன் நீளம்தான் செய்தி. 90-லிருந்து தொடங்கினால் பட்டை மொத்தத்தில் பாதிகூட வராது, கோடு 70 விழுக்காட்டில் நிற்கும், பார்ப்பவர் இலக்கில் மூன்றில் இரண்டு பங்குகூட எட்டவில்லை என்று நினைத்துவிடுவார். பூஜ்யத்தில் தொடங்க முடியாத இடத்தில் பட்டையை விட்டுவிட்டு ஒரு புள்ளி வைக்கச் சொல்கிறார் ஃபியூ. புள்ளிக்கு நீளம் கிடையாது, இடம் மட்டும்தான், அதனால் பொய் சொல்லாது.

எனக்கு இதைவிட நல்லதாகத் தோன்றுவது கேள்வியையே திருப்பிப் போடுவது. நேரத்துக்குப் போனவற்றை விட்டுவிட்டுத் தாமதமானவற்றைக் காட்டலாம். இலக்கு 3 விழுக்காடு, நடந்தது 5.5, அளவுகோல் 0 முதல் 8 வரை. இப்போது பூஜ்யத்தில் தொடங்கும் நேர்மையான பட்டையே கிடைக்கிறது, அது கோட்டைத் தாண்டி கிட்டத்தட்ட இரு மடங்கு நீண்டு நிற்கிறது. தாமதம் அனுமதித்ததைப் போல இரு மடங்குக்கு அருகில் இருக்கிறது என்பதும் உண்மைதானே, 94.5-க்கும் 97-க்கும் நடுவில் அது மறைந்து கிடந்தது.

ஆனால் திருப்பிப் போட்டவுடன் வேறொரு சிக்கல் வருகிறது. ஆர்டரில் பட்டை கோட்டைத் தாண்டினால் நல்லது. தாமதத்தில் தாண்டினால் கெட்டது. புகார் நேரம், திரும்பி வந்த பொருள்கள் எல்லாமே இந்த இரண்டாம் வகை. அடர்ந்த நிழல்தான் மோசம் என்பதை மாற்றாமல், நிழல்களின் வரிசையை மட்டும் திருப்பினால் அடர்த்தி வலப்பக்கம் போய்விடும், அது ஒரு அறிகுறி. அது மட்டும் போதாது என்பது என் அனுபவம். அவசரமாகப் பார்ப்பவர் நீளமான பட்டையைப் பார்த்ததும் "பரவாயில்லை, தாண்டிவிட்டோம்" என்று நினைத்துவிடுகிறார். எனவே இரண்டு வகையையும் கலக்காமல், கூடினால் நல்லவை மேலே, குறைந்தால் நல்லவை கீழே என்று இரண்டு கட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மேலே அதை வார்த்தையில் எழுதிவிடுவது நல்லது.

வரைவதற்கு வருவோம். எக்செலில் புல்லட் சார்ட் என்று தனி வகை இல்லை, நாமே கட்டிக்கொள்ள வேண்டும். நிழல்களை அடுக்குப் பட்டைகளாகப் போட்டு, நடந்ததை `Secondary Axis`-க்கு மாற்றி மெல்லியதாக்குவது வழக்கம். இங்கே இரண்டு பிழைகள் அடிக்கடி நடக்கும். ஒன்று, அடுக்குப் பட்டை என்பதால் 900, 1200, 1500 என்று எல்லைகளைக் கொடுக்கக்கூடாது, 900, 300, 300 என்று வித்தியாசங்களைக் கொடுக்க வேண்டும். மறந்தால் படம் 3600 வரை நீண்டு நிற்கும், அதனால் உடனே தெரிந்துவிடும். இரண்டாவது பிழை தெரியவே தெரியாது. இரண்டாவது அச்சுக்கு எக்செல் தன் போக்கில் வேறொரு உச்ச எண் போட்டுக்கொள்ளும். நிழல்கள் 1600 அளவுகோலிலும், 690 பட்டை 800 அளவுகோலிலும் நின்றால், இலக்கில் பாதியைக் கொஞ்சம் தாண்டிய பட்டை 1380-க்கு நேராகப் போய் நிற்கும், இலக்கைத் தாண்டியதாகவே தோன்றும். அந்த அச்சு அசிங்கமாக இருக்கிறது என்று எண்களை மட்டும் மறைத்துவிட்டால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. மறைக்காதீர்கள், அந்த இரண்டாவது மதிப்பு அச்சைத் தேர்ந்தெடுத்து Delete பண்ணிவிடுங்கள். பட்டையின் மெல்லிய வடிவம் அப்படியே இருக்கும், ஆனால் முதல் அச்சின் அளவுகோலுக்கு வந்துவிடும்.

பைத்தானில் இந்தத் தொல்லை இல்லை, எல்லாம் ஒரே அச்சில்தான் வரும். நாம் பார்த்த ஆர்டர் வரியை மேட்பிளாட்லிப்பில் இப்படி வரையலாம்:

```python
import matplotlib.pyplot as plt

fig, ax = plt.subplots(figsize=(6, 0.8), layout="constrained")
for end, shade in [(1500, "0.90"), (1200, "0.75"), (900, "0.60")]:
    ax.barh(0, end, height=0.9, color=shade)
ax.barh(0, 1150, height=0.3, color="0.40")
ax.barh(0, 690, height=0.3, color="black")
ax.vlines(1200, -0.3, 0.3, color="black", linewidth=3)
ax.set_xlim(0, 1500)
ax.set_yticks([])
plt.show()
```

நிழல்களை நீளமானதிலிருந்து தொடங்கி ஒன்றின் மேல் ஒன்றாக வரைவதால் இங்கே எல்லை எண்களையே கொடுக்கலாம், கழிக்க வேண்டியதில்லை. பட்டையின் தடிமன் நிழலில் மூன்றில் ஒரு பங்கு, கோட்டின் உயரம் மூன்றில் இரண்டு பங்கு. இந்த விகிதம் முக்கியம். பட்டை தடித்தால் நிழல் மறைந்துவிடும், கோடு பட்டையைவிட நீளமாக இல்லாவிட்டால், பட்டை இலக்கைத் தாண்டியதும் கறுப்புக்குள் கறுப்பாகக் கோடு தொலைந்துபோகும்.

புல்லட் சார்ட்டுக்கு முடியாதது ஒன்று உண்டு. அது இன்றைய நிலையை மட்டும்தான் காட்டும். புகார் நேரம் இலக்கான 4 மணி நேரத்தைத் தாண்டி 5.2-ல் நிற்கிறது என்று சொல்லும், அது போன மாதம் 7-லிருந்து இறங்கி வந்ததா, 4.1-லிருந்து ஏறிப்போனதா என்று சொல்லாது. இரண்டுக்கும் எடுக்க வேண்டிய நடவடிக்கை வேறு வேறு. அதனால் ஒவ்வொரு வரியிலும் பட்டைக்கு இடப்பக்கம் கடந்த 12 மாதத்தை அச்சே இல்லாத ஒரு சின்னக் கோட்டுப் படமாக வைப்பது வழக்கம், ஐந்து டயல்களை எடுத்த இடத்தில் அதற்கும் தாராளமாக இடம் கிடைக்கும். முதல் முறை பார்ப்பவர்களுக்குக் குறுக்குக் கோடு என்னவென்று தானாகப் புரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். முதல் வரியில் மட்டும் கோட்டுக்கு மேலே "இலக்கு 1200" என்றும், வெளிறிய துண்டின் முனையில் "இதே வேகத்தில் 1150" என்றும் எழுதி வைத்தால், கீழே உள்ள மற்ற வரிகளை அவர்களே படித்துக்கொள்வார்கள்.